மாமனாரிடம் ஜீவனாம்சம்: கணவரை இழந்த மருமகள்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருசம் ஆச்சு. ரெண்டு குழந்தைங்க. மாமனார் எனக்குச் செலவுக்குக் கொடுக்கணும்னு சட்டம் இருக்கா?

இருக்கிறது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956, பிரிவு 19. ஆனால் நிறையப் பேர் அந்தப் பிரிவின் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்டுவிட்டு வருகிறார்கள். முதல் பாதி, கணவரை இழந்த மருமகளை மாமனார் பராமரிக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் பாதி அதற்கு வேலி போடுகிறது. மாமனார் கையில் கூட்டுக் குடும்பச் சொத்து இருந்து, அதில் மருமகள் இன்னும் பங்கு வாங்காமல் இருந்து, அந்தச் சொத்திலிருந்து கொடுக்க அவருக்கு வழியும் இருந்தால்தான் இந்தக் கடமையை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியும்.

அதாவது, சட்டம் மாமனாரின் சட்டைப்பையைப் பார்ப்பதில்லை, அவர் கையில் இருக்கும் பூர்வீக நிலத்தைப் பார்க்கிறது. உங்கள் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த நிலத்தின் வருமானத்தில் நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் போனதால் அது நின்றுவிடக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை.

மாமனார் ரிட்டையர்டு வாத்தியார். பென்ஷன் 38 ஆயிரம் வருது. ஊத்தங்கரையில சொந்தமா கட்டின வீட்டுல வாடகையும் வருது. அதுல கேட்கலாமா?

இந்தப் பிரிவின் கீழ் கேட்க முடியாது. பென்ஷன் அவருடைய சொந்த வருமானம். சம்பளத்தில் கட்டிய வீடு சுயசம்பாத்தியம். அவர் உயிரோடு இருக்கும்வரை அவற்றிலிருந்து மருமகளுக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு வழியில்லை. கேட்பதற்கு அநியாயமாகத்தான் இருக்கிறது. லட்ச ரூபாய் வருமானம் உள்ள மாமனார் தப்பிக்கிறார், ரெண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டை வைத்துக் கொண்டு கேழ்வரகு விதைக்கும் மாமனார் மாட்டிக்கொள்கிறார். ஆனாலும் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பென்ஷனைக் குறிவைத்துப் போடும் மனு விசாரணையில் நிற்காது.

நிலம் பூர்வீகம்னு ஊருக்கே தெரியும். ஆனா பட்டா மாமனார் ஒருத்தர் பேர்லதான் இருக்கு. எப்படி நிரூபிக்கிறது?

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதை வைத்து நிலம் பூர்வீகமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது. 1980களில் நடந்த யூடிஆர் சர்வேயின்போது, குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவர் பேரைப் போட்டுவிட்டுப் போன நிலங்கள் நம் பக்கத்தில் ஏராளம். பார்க்க வேண்டியது தாய்ப்பத்திரம். நிலம் மாமனார் கைக்கு எந்த வழியில் வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அண்ணன் தம்பிகளோடு செய்துகொண்ட பாகப்பிரிவினை. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். “நமக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு, பொதுவில் அனுபவித்து வந்த” என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். பிதிரார்ஜிதம் என்றால் தகப்பன் வழி வந்தது. அந்த ஒரு சொல் உங்கள் வழக்கில் பாதி. அப்படிக் கிடைத்த பங்கு அவருடைய பிள்ளைகளைப் பொறுத்தவரை கூட்டுக் குடும்பச் சொத்தாகவே தொடரும்.

இரண்டாவது, அவரே கிரயம் வாங்கியது. பத்திரத்தில் “சுயார்ஜிதம்” என்று இருக்கும். பூர்வீக நிலத்தின் வருமானத்தில்தான் வாங்கினார் என்று நீங்கள் நிரூபித்தால் ஒழிய, இது கணக்கில் வராது. அப்படி நிரூபிப்பதும் லேசான காரியம் இல்லை.

மூன்றாவது வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாமனாரின் அப்பா 1962இல் சொந்தக் காசில் வாங்கி, 1990இல் உயில் எழுதாமல் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் மகனுக்கு வந்துவிட்டது. தாத்தா சொத்து என்பதால் ஊரே அதைப் பூர்வீகம் என்று சொல்லும். சட்டம் சொல்லாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் 8ஆம் பிரிவின் கீழ் தகப்பனிடமிருந்து மகனுக்கு இப்படி வரும் சொத்து மகனின் தனிச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் சொல்லிவிட்டது. அதில் நீங்கள் ஜீவனாம்சம் கேட்க முடியாது, உங்கள் பிள்ளைகளும் பிறப்பால் பங்கு கேட்க முடியாது.

தேடும்போது ஒரு விஷயம். பழைய பத்திரங்களில் “சேலம் ஜில்லா” என்று இருந்தால் வேறு ஊர் நிலம் என்று எடுத்து வைத்துவிடாதீர்கள். தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. சர்வே எண்ணும் யூடிஆரில் மாறியிருக்கும். ‘அ’ பதிவேட்டு நகல் வாங்கினால் புது எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண் இருக்கும். அந்தப் பழைய எண்ணுக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட வேண்டும். புது எண்ணுக்கு மட்டும் tnreginet.gov.in தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லைங்க சார்” என்று வருகிறவர்கள் உண்டு.

சரி, பூர்வீகம்தான். அப்போ ஜீவனாம்சம் கேட்கிறதா, பங்கு கேட்கிறதா?

இதற்கு ஒரு வழக்கைக் கணக்கோடு சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம். மாமனாருக்கு 1984 பாகப்பிரிவினையில் வந்த மாந்தோப்பு 3 ஏக்கர் 36 சென்ட், அதாவது 336 சென்ட். அவருக்கு இரண்டு மகன், ஒரு மகள். மூத்த மகன் பைக் விபத்தில் போய்விட்டார். அவர் மனைவிக்கு 31 வயது, ஒரு பையன், ஒரு பெண். மாமியார் இருக்கிறார்.

மாமனார், இரண்டு மகன், மகள் என்று நான்கு பங்கு. நம் பக்க வழக்கப்படி மாமியாருக்கு இதில் தனிப் பங்கு வராது. ஆக இறந்தவர் கிளைக்கு 84 சென்ட். அந்த 84இல் அவருக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 28 சென்ட், ஏனென்றால் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, பெண் பிள்ளைக்கும் சேர்த்து. இறந்தவருடைய 28 சென்ட் மட்டும்தான் வாரிசுகளுக்குப் போகும். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர், தலைக்கு 7 சென்ட். மாமனார் இந்த வாரிசு வரிசையில் இல்லை.

பிள்ளைகளுக்குத் தலைக்கு 35 சென்ட் வருகிறது. அந்தப் பெண்ணுக்குத் தன் பேரில் வருவது 7 சென்ட். மூன்று பேருக்கும் சேர்த்து 77 சென்ட்.

அதனால் என் அபிப்பிராயம், பிள்ளைகள் இருந்தால் பாகப்பிரிவினை வழக்குதான் முதலில். நிலம் கையில் வந்தால் அது நிரந்தரம். ஆனால் பாகப்பிரிவினை ஒரு நாளில் முடிகிற விஷயமில்லை. முதல்நிலைத் தீர்ப்பு, அப்புறம் ஆணையர் போய் அளந்து பிரிப்பது, அப்புறம் இறுதித் தீர்ப்பு என்று வருசக்கணக்கில் போகும். அதுவரை அரிசி வாங்கப் பணம் வேண்டுமே, அதற்குத்தான் ஜீவனாம்சம். பாகப்பிரிவினை உரிமையியல் நீதிமன்றத்துக்கும், ஜீவனாம்சம் குடும்ப நல நீதிமன்றத்துக்கும் போவதால் பெரும்பாலும் இரண்டு தனி வழக்காக நடக்கும். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு வாரிசுப் பங்கு வேறு கணக்கில் வரும். அதைத் தனியாகப் போட்டுப் பார்த்துத்தான் எது லாபம் என்று சொல்ல முடியும்.

எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் எழுப்பும் வாதம், “புருசன் சொத்தில் பங்கு இருக்கிறதே, அதில் பிழைத்துக்கொள்ளட்டும்” என்பது. சட்டம் சொல்வது, பங்கை “பெற்றிருக்க” வேண்டும் என்று. காகிதத்தில் 7 சென்ட் இருப்பது வேறு, கையில் வந்திருப்பது வேறு. தோப்பை யார் குத்தகைக்கு விடுகிறார், பணம் யார் கணக்கில் ஏறுகிறது என்று காட்டினால் இந்த வாதம் வலுவிழக்கும்.

மாசம் எவ்வளவு கிடைக்கும்?

நிர்ணயித்த தொகை எதுவும் இல்லை. உங்கள் தேவை, உங்கள் வருமானம், அந்தச் சொத்தின் வருமானம், மாமனாரை நம்பி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து நீதிபதி முடிவு செய்வார்.

மேலே சொன்ன வழக்கில் தோப்பு வருசத்துக்கு 1,20,000 ரூபாய் குத்தகைக்குப் போனது. குத்தகைதாரர் எழுதிக் கொடுத்த ஒப்பந்த நகல் கிடைத்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். நாலில் ஒரு பங்கு என்றால் 30,000, மாசத்துக்கு 2,500. அவர் கேட்டது 8,000. இடைக்காலமாகக் கிடைத்தது 3,000. பூர்வீக நிலத்தில் வருகிற வருமானத்துக்கு மேல் ஆகாயத்தில் கை நீட்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். அதற்காகக் கேட்கும் தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆதாரம் காட்டக்கூடிய தொகையைக் கேளுங்கள் என்கிறேன்.

நிலைமை மாறினால், விலைவாசி ஏறினால், தொகையை மாற்றக் கேட்டு மறுபடி மனு போடலாம்.

நான் சீசனுக்கு மாம்பழக் கூழ் ஆலைக்கு வேலைக்குப் போறேன். அதைச் சொன்னா கேஸ் போயிடுமா?

போகாது. மறைத்தால்தான் போகும். சட்டம் “எந்த அளவுக்குத் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியவில்லையோ அந்த அளவுக்கு” என்கிறது. சீசன் மூன்று மாசம், மீதி நாளில் நூறு நாள் வேலை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குறைகிற தொகைக்குத்தான் கேட்கிறீர்கள். விபத்து நஷ்டஈடு வந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அதில் பிள்ளைகள் பேரில் வங்கியில் போட்ட பகுதி உங்கள் செலவுக்கு எடுக்க முடியாதது என்று காட்ட, அந்தத் தீர்ப்பு நகலைச் சேர்த்து வையுங்கள்.

“உங்க அப்பன் வீட்ல போய் கேளு”ங்கிறாங்க. அது சட்டத்துல இருக்கா?

சாயல் இருக்கிறது. சொந்தச் சொத்தோ வருமானமோ இல்லாத பெண், கணவர், அப்பா, அம்மா இவர்களின் சொத்திலிருந்தோ, தன் மகன், மகளிடமிருந்தோ பராமரிப்புப் பெற முடியாதவராக இருக்க வேண்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. அப்பா கூலி வேலைக்குப் போகிறவர், வீடு புறம்போக்கில் இருக்கிறது, பிள்ளைகள் மூன்றாவதும் ஐந்தாவதும் படிக்கிறார்கள் என்றால், அதை மனுவில் இரண்டு வரியில் எழுதி, குடும்ப அட்டை நகலைச் சேர்த்தால் போதும். பிறந்த வீட்டில் ஒண்டியிருக்கிறீர்கள் என்பதாலேயே உரிமை போய்விடாது.

கேஸ் போடப் போறோம்னு தெரிஞ்சதும் தோப்பை முழுசா கொழுந்தனார் பேருக்கு எழுதி வெச்சுட்டார். இப்போ என்ன பண்றது?

இது எல்லா ஊரிலும் நடக்கிறது. வக்கீல் நோட்டீஸ் போன வாரம் தபாலில் போகிறது, இந்த வாரம் தான செட்டில்மெண்ட் பதிவாகிறது.

பதற வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு நிலத்தின் வருமானத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமை ஒருவருக்கு இருக்கையில் நிலம் கைமாறினால், இலவசமாக வாங்கியவர் மீதும், அந்த உரிமை இருப்பது தெரிந்தே வாங்கியவர் மீதும் உரிமையைச் செலுத்தலாம். கொழுந்தனாருக்கு வந்தது தானம், அண்ணி இருப்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு வகையிலும் அவர் தப்ப முடியாது. அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். தவிர, உங்கள் பிள்ளைகளின் பங்கைத் தானம் கொடுக்க மாமனாருக்கு உரிமையே இல்லை.

ஆபத்து எங்கே என்றால், விஷயம் தெரியாத ஓசூர்க்காரரோ பெங்களூர்க்காரரோ காசு கொடுத்துக் கிரயம் வாங்கிவிட்டால். அவரிடம் ஜீவனாம்ச உரிமை செல்லாது. அதனால் வழக்கோடு சேர்த்தே, விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேட்க வேண்டும். தீர்ப்பு வரும்போது, இந்தத் தொகைக்கு இன்ன சர்வே எண் நிலம் பொறுப்பு என்று அதில் எழுதி வாங்க வேண்டும். அப்படி எழுதாத ஜீவனாம்சம் நிலத்தின் மேல் தானாகப் பொறுப்பாக உட்காராது. மனுவின் பரிகாரப் பத்தியில் இதைக் கேட்க மறந்த வழக்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தா நடக்குமா? போலீஸ்ல?

கலெக்டர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, “நீதிமன்றத்தை அணுகவும்” என்று பதில் அனுப்புவார்கள். போலீஸ் கூப்பிட்டுப் பேசிவைக்கும், அவ்வளவுதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போடும் ஜீவனாம்ச மனு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144, மாமனார் மீது செல்லாது. அதன் கீழ் மருமகள் மாமனாரிடம் கேட்க இடமில்லை.

வீட்டை விட்டுப் போகச் சொல்லி சாமானை வெளியே வெச்சுட்டாங்க.

இதற்கு வேறு சட்டம், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005. வீடு மாமனார் சுயசம்பாத்தியமாக இருந்தாலும், நீங்கள் கணவரோடு குடியிருந்த வீடாக இருந்தால் அங்கே இருக்கும் உரிமை கேட்கலாம். கணவரை இழந்த பெண்ணுக்கும் இது உண்டு என்று 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவசரம் என்றால் 181. சாமான் வெளியே கிடப்பதைப் போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் அழுங்கள்.

நடுவுல மாமனார் இறந்துட்டா?

வழக்கு முடிந்துவிடாது, ஒரு வகையில் அகலமாகிறது. ஜீவனாம்சச் சட்டத்தின் பிரிவு 21 மகனின் விதவையை, இறந்த மாமனாரைச் சார்ந்தவராகக் கணக்கிடுகிறது. பிரிவு 22இன்படி, அவர் சொத்தை யார் வாரிசாக எடுத்துக்கொண்டார்களோ அவர்கள் அந்தச் சொத்திலிருந்து உங்களைப் பராமரிக்க வேண்டும். இங்கே பூர்வீகம், சுயசம்பாத்தியம் என்ற பாகுபாடு கிடையாது. உயிரோடு இருந்தபோது தொட முடியாத ஊத்தங்கரை வீடும் இப்போது கணக்கில் வருகிறது.

நான் மறுமணம் பண்ணிக்கிட்டா?

ஜீவனாம்சம் அன்றோடு நிற்கும். ஏற்கெனவே வாரிசாக வந்த 7 சென்ட் போகாது, அது உங்களுடையது. பிள்ளைகளின் 35 சென்ட்டும் அப்படியே.

நாங்க சித்தேரி மலையாளி. எங்களுக்கும் இதுவேதானா?

இல்லை. இந்த 1956 ஜீவனாம்சச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தும். உங்களுக்கு அந்த வழிதான் முதலில்.

வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை. எங்கே போறது, என்னென்ன எடுத்துட்டுப் போறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நிலத்தின் பட்டா, ‘அ’ பதிவேடு, வில்லங்கம். பாகப்பிரிவினைப் பத்திரத்தின் அசல் மாமனார் பெட்டியில் இருக்கும், தர மாட்டார். கவலைப்படாதீர்கள். அதில் பதிவு எண்ணும் வருசமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கலாம். எண் தெரியவில்லை என்றால் மாமனாரின் அண்ணன் தம்பி வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதே பத்திரத்தின் இன்னொரு பிரதி அங்கே இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கிற வீடாக இருந்தால் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள்.

மனு போடும் அன்றே இடைக்கால ஜீவனாம்ச மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். சட்டத்தில் அதற்கென்று தனிப் பிரிவு இல்லாவிட்டாலும் நீதிமன்றங்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. மாங்காய் சீசன் முடிந்து குத்தகைப் பணம் கைமாறுவதற்கு முன்னால் போட்டால், தோப்பில் காய் இருக்கும்போதே போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.